லேடரில் முதல் ஆள், மேட்சில் திரும்ப முடியவில்லை

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். ராதாபுரம் பக்கத்து ஊரில், மாலை நேரத்தில் பள்ளிப் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். 12 முதல் 14 வயது, 16 பேர். ரெண்டு மாசமாக வாரத்தில் மூணு நாள் தரையில் கயிற்று லேடரை விரித்து, கட்டம் கட்டமாகக் கால் வைத்து ஓடுகிறோம், அப்புறம் 2 மீட்டர் இடைவெளியில் ஆறு கோன் வைத்து வளைந்து வளைந்து ஓட்டம், நாலு வரிசையாகப் போட்டி. கால் நல்லா வேகமாகிவிட்டது. ஆனால் மேட்சில் எதிராளி உள்ளே வெட்டினால் நாலு அடி தாண்டிப் போய்த்தான் திரும்புகிறார்கள். லேடரில் முதல் ஆளாக வரும் ரைட் விங் பையன்தான் இதில் ரொம்ப மோசம். அவன் வீடியோ அனுப்பியிருக்கிறேன். லேடரில் இன்னும் என்ன பேட்டர்ன் சேர்க்கலாம்?

பதில்: தம்பி, பேட்டர்ன் எதுவும் சேர்க்க வேண்டாம். இருப்பதிலேயே பாதியைக் குறைத்துவிடலாம்.

வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். உங்கள் விங் பையன் எதிராளி திரும்பியதைச் சரியான நேரத்தில் பார்த்துவிடுகிறான், பார்வையில் தாமதம் இல்லை. அதற்குப் பிறகு நிற்பதற்காகக் குட்டிக் குட்டியாக ஆறேழு அடி வைக்கிறான், முதுகு நேராக இருக்கிறது, இடுப்பு இறங்கவே இல்லை. ஒவ்வொரு அடியும் உடம்புக்கு நேர் கீழே விழுகிறது. அந்த ஆறேழு அடியும் லேடரில் நீங்கள் சொல்லிக்கொடுத்த அதே அடிதான். அவன் பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறான், அவ்வளவுதான்.

லேடர் என்ன கேட்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கட்டத்துக்குக் கட்டம் சுமார் 40 சென்டிமீட்டர், கயிறை மிதிக்கக் கூடாது. அதனால் கால் உடம்பை விட்டு வெளியே போகாது, அடி சிறிசாக இருக்கும், கண் தரையில் இருக்கும். முக்கியமாக, 4 மீட்டர் லேடரில் யாருக்கும் பெரிய வேகம் வருவதில்லை. வேகம் இல்லாததால் பிரேக் போட வேண்டிய தேவையும் இல்லை. மேட்சில் திரும்புவது என்பதோ முக்கால்வாசி பிரேக் வேலை. வந்த வேகத்தை ரெண்டு மூணு அடியில் கொன்றுவிட்டு, புதுத் திசையில் தள்ள வேண்டும். அதற்குக் கால் உடம்புக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ தள்ளி விழ வேண்டும். லேடரில் அது தப்பு, திரும்பும்போது அதுதான் சரி.

உங்கள் கோன் ஓட்டத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. 2 மீட்டர் இடைவெளியில் ஆறு கோன் வைத்தால் பையன் வேகம் எடுப்பதற்குள் அடுத்த கோன் வந்துவிடும். கோனைச் சுற்றி வளைந்து போகவும் பழகிவிடுவான். ஃபுட்பாலில் யாரும் கோனைச் சுற்றி ஓடுவதில்லை. கோன் வைக்கும்போது நீங்கள் முடிவு செய்வது ரெண்டே விஷயம்: எவ்வளவு தூரம் ஓடி வருகிறான், எந்தக் கோணத்தில் திரும்புகிறான். ஓட்டம் நீண்டால் வேகம் கூடும், கோணம் கூடினால் பிரேக் கூடும். எந்த டிரில்லையும் கடினமாக்குவதும் எளிதாக்குவதும் இந்த ரெண்டை வைத்துத்தான். கோனின் எண்ணிக்கை கணக்கிலேயே வராது.

லேடரைத் தூக்கிப் போடவும் சொல்லவில்லை. சூடேற்றும் பயிற்சியில் அஞ்சு நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள், 12 வயதுப் பையனுக்குத் தாளமும் கால் ஒத்திசைவும் வரும். அது தவிர இன்னொரு வேலைக்கும் அது உதவும். லேடர் வழியாக வருகிறவன் மெதுவாகத்தான் வெளியே வருவான். அதனால் பிரேக் போடக் கற்றுக்கொடுக்கும் முதல் நாட்களில் லேடரே வேகத்தடை. நான் சொல்லப் போகும் வரிசை அதிலிருந்துதான் தொடங்குகிறது.

லேடர் முடியும் இடத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி, குறுக்காகச் சுண்ணாம்புக் கோடு ஒன்று போடுங்கள். அங்கே கோன் வேண்டாம், கோடுதான். பையன் லேடரில் கட்டத்துக்கு ரெண்டு கால் வைத்து ஓடி வெளியே வந்து, கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். திரும்ப வேண்டாம். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, இடுப்பு தாழ்ந்து, கண் எதிரே இருக்கும் உங்கள் மேல், ரெண்டு விநாடி அசையாமல். ஒரு தடவை இடது கால் முன்னே, அடுத்த தடவை வலது கால். ஆறு தடவையில் அஞ்சு தடவை ஆடாமல் நின்றால் அந்தப் பையன் அடுத்த படிக்குத் தயார். சிலருக்கு இது ரெண்டே நாளில் வரும், உங்கள் விங் பையனுக்கு ரெண்டு வாரம் ஆகலாம். லேடரில் முதல் ஆள் என்பதாலேயே குட்டி அடி பழக்கம் அவனிடம் ஆழமாக ஊறியிருக்கும்.

நிற்க வந்த பிறகு அதே கோட்டில் திரும்பி 5 மீட்டர் ஓடி வரச் சொல்லுங்கள். இங்கேதான் கவனிக்க வேண்டியது அதிகம். பெரும்பாலும் நாம் கடைசி காலைப் பார்த்து ‘ஊன்றித் தள்ளுலே’ என்று கத்துகிறோம். வேலை அதற்கு முந்தின அடியிலேயே நடந்திருக்க வேண்டும். கடைசிக்கு முந்தின கால் உடம்புக்கு முன்னால், குதிகால் முதலில் பட, முட்டி நன்றாக மடங்கி விழ வேண்டும். பெரிய பிரேக் அதுதான். இடுப்பும் அந்த அடியிலேயே பாதி திரும்பிவிட வேண்டும். அப்புறம் கடைசி கால் கோட்டுக்கு இணையாகக் குறுக்கே விழும், அதற்குத் தள்ளுகிற வேலை மட்டும்தான் மிச்சம். முந்தின அடி வேலை செய்யாவிட்டால் முழுச் சுமையும் கடைசிக் காலில், நீட்டிய முட்டியில் இறங்கும். முட்டி உள்பக்கம் சாய்வது அப்போதுதான். முட்டிக்குள் இருக்கும் தசைநார் கிழிகிற காயங்களில் நிறைய, யாரும் மோதாமல், இந்த மாதிரி ஊன்றித் திரும்பும்போது வருபவை.

பையன்களிடம் இவ்வளவையும் சொல்லாதீர்கள், குழம்பிப் போவான். ‘கோட்டுக்கு முன்னாடியே உட்கார ஆரம்பி’ என்ற ஒரு வாக்கியம் போதும். கோட்டைக் கையால் தொடச் சொல்லும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதையும் விட்டுவிடுங்கள். கை தரைக்குப் போனால் முட்டி மடங்குவதற்குப் பதில் முதுகு வளைகிறது, கண்ணும் கீழே போய்விடுகிறது.

நம் பக்கத்துச் செம்மண் தரையில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கோட்டுக்கு முன்னால் 3 மீட்டர் தூரத்தை விளக்குமாற்றால் கூட்டிவிட்டு, ஒரு பையனை மட்டும் ஓடவிட்டுத் தடத்தைப் பாருங்கள். நன்றாகத் திரும்பியவனுடைய கடைசி மூணு தடம் ஒன்றுக்கொன்று தள்ளி, தெளிவாகத் தெரியும். கடைசிக்கு முந்தினதில் குதிகால் ஆழமாகப் பதிந்திருக்கும், கடைசித் தடம் குறுக்காக இருக்கும். கோட்டுக்கு முன் ஆறேழு தடம் நெருக்கமாகக் கிடந்தால் லேடர் அடி இன்னும் போகவில்லை என்று அர்த்தம். கடைசித் தடம் ஒரு சாண் நீளத்துக்கு இழுபட்டிருந்தால் ரெண்டில் ஒன்று: பையன் நிமிர்ந்தபடியே ஊன்றியிருக்கிறான், அல்லது தரையில் பொடிச்சரல் கிடக்கிறது. காய்ந்த செம்மண் மேல் பொடிச்சரல் இருந்தால் எவ்வளவு நல்ல கால் வைப்பும் வழுக்கும். திரும்பும் இடத்தை மட்டுமாவது கூட்டி, முந்தின நாள் சாயங்காலம் ரெண்டு குடம் தண்ணீர் தெளித்து வையுங்கள். உவரி, கூட்டப்புளி பக்கத்துப் பையன்கள் யாராவது வந்தால் அவர்களுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். கடற்கரை மணலில் கால் புதைந்தே பாதி வேகம் போய்விடும். கெட்டித் தரையில் அந்த உதவி இல்லை, பிரேக்கை அவனேதான் போட்டாக வேண்டும்.

மூணாவது கட்டத்தில் லேடரை எடுத்துவிடுங்கள். முதலில் 5 மீட்டர் ஓடி வந்து திரும்புவது, அது ஒழுங்கான பிறகு 10 மீட்டர். 10 மீட்டர் ஓடி வந்து முழுசாகத் திரும்புவது இந்த வயதுக்குப் பாரமான வேலைதான், அதனால் எண்ணிக்கையில் கை வையுங்கள். ஒரு நாளைக்கு ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு திருப்பம், இடது காலில் பாதி, வலது காலில் பாதி. வாரத்தில் ரெண்டு நாள், நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. உங்கள் விங் பையன் வீடியோவில் எல்லாத் தடவையும் வலது காலை ஊன்றி இடது பக்கமாகவே திரும்புகிறான். கவனித்தீர்களா? ரைட் விங்கில் நின்று எப்போதும் மைதானத்தின் உள்பக்கமாகவே திரும்பிப் பழகியவன். அவனுக்கு மட்டும் முதல் மூணு வாரம் பாதிப் பாதி வேண்டாம், மூணில் ரெண்டு பங்கு இடது காலில் போடுங்கள்.

முழுத் திருப்பத்தோடு கோணத் திருப்பமும் வேண்டும், ஆனால் ரெண்டுக்கும் ஒரே வார்த்தையைச் சொல்லக் கூடாது. ஆங்கில ஒய் எழுத்து மாதிரி கோன் வையுங்கள்: 8 மீட்டர் நேராக ஓட்டம், அங்கிருந்து இடது பக்கம் 45 டிகிரியில் ஒரு வாசல், வலது பக்கம் 45 டிகிரியில் ஒரு வாசல், ரெண்டும் 5 மீட்டர் தள்ளி. வாசல் என்பது ஒன்றரை மீட்டர் இடைவெளியில் ரெண்டு கோன். இந்தக் கோணத்தில் பிரேக் போடவே கூடாது. வலது பக்கம் போக வேண்டுமென்றால் இடது கால் இடுப்பை விட்டு நன்றாக வெளியே ஒரே ஒரு அடி, தள்ளல், அவ்வளவுதான். இங்கே ‘உட்கார்’ என்று சொன்னால் வேகம் வீணாகிவிடும். பிரியும் இடத்தில் குட்டி அடிச் சத்தம் பட பட என்று கேட்டால் தப்பு. ஒரே அடியாக ‘தட்’ என்று கேட்க வேண்டும்.

அடுத்தது உங்கள் நாலு வரிசைப் போட்டி. 16 பேர் நாலு வரிசை என்றால் வரிசைக்கு நாலு பேர். ஒரு ஓட்டம் 6 விநாடி என்று வைத்தால் 18 விநாடியில் அவன் முறை மறுபடி வந்துவிடும். மூணாவது சுற்றிலிருந்து களைப்பில்தான் ஓடுகிறான். அப்போது வளர்வது தம், திரும்பும் திறன் இல்லை. அதையே ரெண்டு வரிசையாக, வரிசைக்கு எட்டுப் பேராக்குங்கள். 6 விநாடி ஓட்டத்துக்கு 42 விநாடி ஓய்வு தானாகவே கிடைத்துவிடும், விசில் வைத்து நேரம் பார்க்க வேண்டியதில்லை. பையன்கள் சும்மா நிற்கிறார்களே என்று சங்கடப்படாதீர்கள். வரிசையில் நிற்கிறவனை முன்னால் ஓடுகிறவனின் முந்தின அடியைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அவனுக்கும் அது பாடம்.

இவ்வளவு செய்தும் மேட்சில் திரும்ப வராமல் போகலாம். கோன் எங்கே இருக்கிறது என்று பையனுக்கு முன்னாடியே தெரியும், எதிராளி எங்கே திரும்புவான் என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு நாள் பயிற்சியின் கடைசிக் கால் மணி நேரமும் ஆளுக்கு ஆள் இருக்க வேண்டும். அதே ஒய் வடிவத்தில் பந்தோடு ஒருவன் ஓடி வரட்டும், வாசல்களுக்கு முன்னால் ஒருவன் தடுக்கட்டும். பந்தோடு வருபவன் ரெண்டில் எந்த வாசலிலும் நுழையலாம், பந்து காலில் இருந்தால் கோல். தடுக்கிறவன் முதலில் பின்னால் நகர்ந்தபடி பார்க்க வேண்டும், அப்புறம் வெட்ட வேண்டும். இதற்கு நீங்கள் விசில் ஊதியோ கையைக் காட்டியோ திசை சொல்லாதீர்கள். மேட்சில் விசில் சொல்லித் திரும்புவதில்லை, எதிராளியின் இடுப்பையும் பந்தையும் பார்த்துத்தான் திரும்புகிறோம். அந்தப் பார்வை இங்கேதான் பழகும். இதிலும் உங்கள் பையன் நாலு அடி தாண்டிப் போனால், ஓடி வரும் தூரத்தை 8 மீட்டரிலிருந்து 5 ஆக்குங்கள்.

முன்னேற்றத்தை அளக்க ஒரு வழி. ஒரே நேர்கோட்டில் 10 மீட்டரில் ஒரு கோடு, 15 மீட்டரில் ஒரு கோடு. பையன் ஆரம்பத்திலிருந்து ஓடி, 10 மீட்டர் கோட்டைத் தாண்டி, 15-இல் திரும்பி, மறுபடி 10 மீட்டர் கோட்டைத் தாண்டுகிறான். 10 மீட்டர் கோட்டை முதலில் தாண்டியதிலிருந்து திரும்பத் தாண்டும் வரைதான் நேரம், அதாவது 5 மீட்டர் போய் 5 மீட்டர் வருவது. இதை 505 டெஸ்ட் என்பார்கள். ஸ்டாப்வாட்ச் வேண்டாம், கை தாமதத்திலேயே வித்தியாசம் காணாமல் போய்விடும். போனில் ஸ்லோ மோஷன் போட்டு, 10 மீட்டர் கோட்டுக்கு நேர் பக்கவாட்டில் வைத்துப் படமெடுங்கள். நாலு மடங்கு மெதுவாக ஓடும் வீடியோவில் 11.2 விநாடி வந்தால் நிஜத்தில் 2.8.

இந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். நேராக 10 மீட்டர் ஓட ஆகும் நேரத்தையும் தனியாக எடுத்து, இதிலிருந்து கழியுங்கள். உதாரணத்துக்கு, ஒரு பையன் நேர் ஓட்டம் 2.0, திருப்பத்தோடு 2.85 என்றால் திருப்பத்தில் அவன் இழப்பது 0.85. இன்னொருவன் நேர் ஓட்டம் 2.2, திருப்பத்தோடு 2.85 என்றால் இழப்பது 0.65. ரெண்டு பேருக்கும் 505 நேரம் ஒன்றுதான். முதலாமவனுக்குப் பிரேக் பயிற்சி, ரெண்டாமவனுக்கு ஓட்டப் பயிற்சி. உங்கள் விங் பையன் முதல் வகை என்று பந்தயம் கட்டுவேன். இடது காலில் திரும்புவதையும் வலது காலில் திரும்புவதையும் தனித்தனியாக எடுங்கள்.

உங்கள் பக்கம் ஆனி, ஆடியில் காற்றாலையெல்லாம் சுற்றுகிற சுற்றில் அளவே கெட்டுவிடும். மேற்கிலிருந்து காற்று தள்ளும்போது கிழக்கு நோக்கி ஓடினால் போகும்போது தள்ளும், திரும்பும்போது எதிர்க்கும். ஓடுதளத்தை வடக்கு தெற்காகப் போட்டுவிடுங்கள், சாயங்கால வெயிலும் கண்ணில் அடிக்காது. தட்டைக் கோன்கள் பறந்தால், தண்ணீர் பாட்டிலில் பாதி மணல் போட்டு வையுங்கள், ஆனால் கால் விழும் இடத்திலிருந்து அரை மீட்டராவது தள்ளி. மிதித்தால் கணுக்கால் போய்விடும்.

கடைசியாக ஒன்று. இந்த வயதில் சில பையன்கள் ஒரே வருஷத்தில் ஏழெட்டு சென்டிமீட்டர் வளர்வார்கள். போன மாசம் நன்றாகத் திரும்பியவன் இந்த மாசம் தடுமாறுவான். சோம்பல் என்று திட்டாதீர்கள், கால் நீளம் மாறிவிட்டது, உடம்புக்கு அது இன்னும் பழகவில்லை. மூணு மாசத்துக்கு ஒரு தடவை சுவரில் கோடு போட்டு எல்லாருடைய உயரத்தையும் எடுங்கள். வேகமாக வளர்கிறவனுக்கு, முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் எலும்பு மேட்டை அழுத்தினால் வலிக்கிறதா, குதிகாலின் ரெண்டு பக்கத்தையும் அழுத்தினால் வலிக்கிறதா என்று கேளுங்கள். வலி இருந்தால் முழுத் திருப்பத்தை நிறுத்திவிட்டு, வலிக்காத அளவுக்கு 45 டிகிரியும் பந்து வேலையும் மட்டும் கொடுங்கள். நொண்டினாலோ, ஓய்விலும் வலித்தாலோ எலும்பு டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் மைதானத்துக்கு வர வேண்டும். உங்கள் விங் பையனின் உயரத்தை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். வீடியோவில் அவன் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது.